வலை முன்னால் லஞ்ச் போனால் வலது முழங்கால் வலி, மூன்றாவது கேமில் தோள் தூக்க முடியவில்லை: எந்தப் பயிற்சியில் தொடங்குவது?

காலைஷட்டில்

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, வலது கை ஆட்டக்காரன், கோவையில் ஒரு இண்டோர் கோர்ட்டில் இரண்டு வருடமாக வாரம் ஐந்து நாள், காலை ஆறு முதல் ஏழரை வரை டபுள்ஸ் மட்டும் ஆடுகிறேன். மற்ற நேரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. தரை, சிமெண்ட் மேல் விரித்த சிந்தெடிக் மேட்.

பிரச்சினை இரண்டு. வலை முன்னால் டிராப் எடுக்க வலது காலை நீட்டி லஞ்ச் இறங்கும்போது முழங்காலில் சுருக்கென்று வலிக்கிறது. ஆடி முடித்து வீட்டு மாடிப்படி இறங்கும்போதும் அதே இடம். இரண்டாவது, முதல் இரண்டு கேம் நன்றாகப் போகிறது, மூன்றாவதில் தோள் கனத்துப் போய் கிளியர் அடித்தால் பாதி தூரம்தான் போகிறது. ஸ்டாமினா இல்லை என்று நினைத்து ஒரு மாதமாக மாலையில் 4 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தேன். தோள் அப்படியே இருக்கிறது, முழங்கால்தான் கூடுதலாக வலிக்கிறது. தினமும் நூறு லஞ்ச் போட்டால் கால் இறுகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேகக்கால்

ப்ரோ, நூறு லஞ்ச் தாராளமாகப் போடுங்கள், தொடை பலமாகிவிட்டால் முழங்கால் வலி தானாகப் போய்விடும். ஒரு விஷயம் மட்டும் கவனம், இறங்கும்போது முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது. அதோடு லேடர் டிரில் பத்து நிமிஷம், ஸ்கிப்பிங் 500. எனக்கு லேடர் செய்த பிறகுதான் கோர்ட்டில் கால் வேகமே வந்தது.

நைலான்பந்து

தோள் வலிக்கு ராக்கெட்டை முதலில் பாருங்கள். எத்தனை பவுண்டில் ஸ்ட்ரிங் கட்டியிருக்கிறீர்கள்? நான் 28ல் கட்டி ஆறு மாதம் தோள் வலியோடு ஆடினேன், 23க்கு இறக்கியதும் கிளியர் சுலபமாகப் பின்கோடு வரை போனது. ஹெட் ஹெவி ராக்கெட் என்றால் அதையும் மாற்றுங்கள்.

காலைஷட்டில்

@நைலான்பந்து சார், எனக்குத் தோளில் வலி இல்லை, சோர்வுதான். ஸ்ட்ரிங் 24. முதல் இரண்டு கேமில் இதே ராக்கெட்டில்தான் பந்து பின்கோடு வரை போகிறது, அதனால் ராக்கெட் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மஞ்சள்கோடு

நூறு லஞ்சை இன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

வலி எங்கே என்று ஒரே ஒரு விரலை வைத்துக் காட்ட முடிகிறதா, இல்லை முழங்கால் முழுக்க என்று உள்ளங்கையை வைக்கிறீர்களா? கால் தரையில் பட்டு நிற்கும் நொடியில் வலிக்கிறதா, திரும்பி எழும்போதா? வீக்கம், பூட்டிக்கொள்வது, கால் விட்டுப்போவது போன்ற உணர்வு ஏதாவது உண்டா? இந்தக் கடைசி மூன்றில் ஒன்று இருந்தாலும் இங்கே கேட்க வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நாளைக்கு யாரிடமாவது ஃபோனைக் கொடுத்து ஒரு கேமை ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பாதி கேம் பக்கவாட்டிலிருந்து, பாதி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அதில் நீங்கள் அடிப்பதைப் பார்க்காதீர்கள். எதிராளியின் ராக்கெட்டில் பந்து படும் நொடியில் நிறுத்தி, உங்கள் பாதம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இருபது முறை பார்த்து எண்ணிச் சொல்லுங்கள்.

நான் மாவட்ட அளவில் ஆடியவள், பதினோரு வருடமாகக் குழந்தைகளுக்கும் காலையில் வரும் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். நாற்பது வயதுக்காரர்கள் முழங்கால் ஒன்று, தோள் ஒன்று என்று இரண்டு புகாரோடு வந்தால் நான் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கும்.

சிங்கிள்ஸ்மட்டும்

ஓடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரேலிக்கும் ரேலிக்கும் நடுவில் மூச்சு சீக்கிரம் திரும்புவது ஓடிச் சேர்த்த தெம்பால்தான். நான் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன், மூன்றாவது கேமில் எனக்கு எதிராளிதான் முதலில் சோர்வார்.

காலைஷட்டில்

@மஞ்சள்கோடு அக்கா, நீங்கள் சொன்னபடி எடுத்துப் பார்த்தேன்.

வலி ஒரே விரலில் காட்டக்கூடிய இடம்தான், முழங்கால் சிப்பிக்கு நேர் கீழே. கால் பட்டு நிற்கும்போது வலிக்கிறது, எழும்போது குறைவு. வீக்கம் இல்லை, பூட்டிக்கொள்வதும் இல்லை.

வீடியோவில் பார்த்தது எனக்கே அதிர்ச்சி. இருபதில் பதினான்கு முறை, எதிராளி அடிக்கும் நொடியில் இரண்டு குதிகாலும் தரையில் ஊன்றி, முழங்கால் நேராக நின்றுகொண்டிருக்கிறேன். பந்து வலையைத் தாண்டும் நேரத்தில்தான் கிளம்புகிறேன். அதனால் முதல் அடி குட்டியாகவும் கடைசி அடி ஒரேயடியாக நீளமாகவும் போகிறது. வலப்பக்க மூலையில் பாதம் கம்பத்தைப் பார்க்கிறது, முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது. எழுவதற்குத் தொடையில் கையை ஊன்றுகிறேன், அப்படிச் செய்கிறேன் என்று இதுவரை எனக்குத் தெரியவே தெரியாது.

பின்கோர்ட்டில் பந்து தலைக்குப் பின்னால் போன பிறகுதான் அடிக்கிறேன். முதல் கேமிலேயே அப்படித்தான், மூன்றாவதில் இன்னும் மோசம்.

மஞ்சள்கோடு

நல்ல வேலை செய்தீர்கள். இதை எண்ணிப் பார்க்காமல் பயிற்சி ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் கால் பலவீனமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் விஷயம், நீங்கள் தாமதமாகக் கிளம்புகிறீர்கள். லஞ்ச் என்பது பந்தை எட்டுவதற்கான அடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது பிரேக். ஓடி வரும் உடம்பு மொத்தத்தையும் அந்த ஒரு கால் நிறுத்த வேண்டும். வலையிலிருந்து பின்கோடு வரை 6.7 மீட்டர், நடுவில் நிற்பவருக்கு வலை மூலை இரண்டு மூன்று காலடி தூரம்தான். நேரத்தோடு கிளம்பினால் அந்த மூன்று காலடியில் வேகம் பகிர்ந்து போய்விடும், கடைசி அடி சாதாரண நீளத்தில் விழும். தாமதமானால் எல்லாத் தூரத்தையும் கடைசி அடியில் சேர்க்கிறீர்கள். அடி நீள நீள முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள அந்தத் தசைநார் ஏற்கும் இழுவை கூடுகிறது. வாரம் ஐந்து நாள், சிமெண்ட் மேல் போட்ட மேட், அதற்கு மேல் மாலை ஓட்டம். அந்தத் தசைநார் ஆறுவதற்கு நீங்கள் இடமே கொடுக்கவில்லை.

தோளும் அதே கதை. தாமதமாகப் பின்னால் போவதால் பந்து தலையைத் தாண்டிவிடுகிறது. உடம்பைத் திருப்பி, இடுப்பிலிருந்து வர வேண்டிய வேகத்தைத் தோள் மட்டும் தனியாக உண்டாக்குகிறது. ஒரு கிளியருக்கு இரண்டு கிளியருக்கான உழைப்பு. மூன்றாவது கேமில் அது களைத்துப் போகாமல் என்ன செய்யும்?

அதனால் ஆட்டத்தை நான்கு வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறையுங்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள். மேலே ஒருவர் ஓட்டத்தை விடாதீர்கள் என்றார், மூச்சைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் இப்போது இந்தக் காலுக்கு ஓட்டம் வேண்டாம், சைக்கிள் மிதியுங்கள், மூச்சுக்கு அதுவும் உதவும்.

லஞ்ச் பயிற்சியை முன்னால் அடி வைத்து ஆரம்பிக்க வேண்டாம். வலது கால் முன்னால், இடது கால் பின்னால் என்று நின்ற இடத்திலேயே நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணும் வரை மெதுவாக நேராகக் கீழே இறங்குங்கள், ஒரு எண்ணில் எழுங்கள். எட்டு முறை, அப்புறம் கால் மாற்றி எட்டு, இப்படி மூன்று சுற்று. வாரம் இரண்டு நாள், ஆடாத நாளில். முதல் இரண்டு வாரம் இது மட்டும்தான்.

வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் தொடரலாம், அதற்கு மேல் போனால் இறங்கும் ஆழத்தைக் குறையுங்கள். உண்மையான தேர்வு மறுநாள் காலை மாடிப்படியில். நேற்றைவிடக் கூடுதலாக வலித்தால் முந்தைய நாள் அளவு அதிகம். அதே அளவு, இல்லை குறைவு என்றால் சரி. தசைநார் செய்யும்போது பேசாது, அடுத்த நாள்தான் கணக்குக் கேட்கும்.

மூன்றாம் வாரம் முன்னால் அடி வைக்கும் லஞ்ச். குதிகால் முதலில் பட்டு, பாதம் உருண்டு முழுவதும் ஊன்ற வேண்டும். அங்கேயே இரண்டு எண்ணும் வரை அசையாமல் நில்லுங்கள். நிற்க முடியாமல் தள்ளாடினால் அந்த வேகத்துக்குக் கால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். கால்விரல் எந்தத் திசையோ முழங்காலும் அந்தத் திசையில்தான் போக வேண்டும், உங்களுக்கு அது உள்ளே விழுவதால் கண்ணாடி முன்னால் செய்யுங்கள். எழும்போது தொடையில் கை வைக்காமல் குதிகாலால் தரையைத் தள்ளி எழுங்கள். ஐந்தாம் வாரம் இரண்டு கையிலும் ஐந்து கிலோ டம்பெல். அதற்குப் பிறகுதான் வேகமாக விழுந்து நிற்பது, கோர்ட்டில் நடப்பது அதுதானே.

@வேகக்கால் தம்பி சொன்ன "முழங்கால் விரலைத் தாண்டக் கூடாது" பற்றி ஒன்று. மெதுவாகச் செய்யும்போது கொஞ்சம் தாண்டினால் ஒன்றும் ஆகாது, படி இறங்கும்போது தினமும் தாண்டத்தான் செய்கிறது. வேகமாக வந்து நிற்கும்போது, குதிகால் தூக்கி, எடை முழுக்க முன்பாதத்தில் விழுந்து தாண்டினால்தான் சிக்கல். அதனால் விரலைப் பார்ப்பதைவிடக் குதிகாலைப் பாருங்கள்.

நூறு லஞ்ச் ஏன் வேண்டாம் என்றால், முப்பது முறைக்கு மேல் பலருக்கும் முழங்கால் நேராகப் போவதில்லை. மீதி எழுபதும் தவறான வழியைப் பழக்கும்.

குதிகால்50

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன், என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இவர் வயதும் தரையும் பழக்கமும் அப்படியே நான்.

48 வயதில், ஒரு ஞாயிறு, நான்காவது கேம். வலை முன்னாலிருந்து லிஃப்ட் பந்துக்குப் பின்னால் போக இடது காலை ஊன்றித் தள்ளினேன். பின்னாலிருந்து யாரோ ராக்கெட்டால் கெண்டைக்காலில் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, பார்ட்னர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார். நொண்டி நொண்டி நடக்க முடிந்தது, பாதத்தையும் கொஞ்சம் அசைக்க முடிந்தது. அருகில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் வேறு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார், பாதம் அசையவே இல்லை. மற்ற காலில் அழுத்தினால் பாதம் அழகாக வளைந்தது. அக்கிலிஸ் தசைநார் முழுக்க அறுந்திருந்தது. அறுவை, அப்புறம் மறுபடி கோர்ட்டில் கால் வைக்கப் பத்து மாதம்.

நடுத்தர வயதில் பேட்மின்டன் ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும் காயம், பெரும்பாலும் பின்னால் போகத் தள்ளும்போதோ, களைத்த பிறகோ. சேதி இதுதான்: லஞ்ச், தொடை என்று பேசுகிறோம், கெண்டைக்காலை யாரும் எண்ணுவதில்லை. படியின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்று, சுவரைத் தொட்டுக்கொண்டு, முழங்கால் நேராக வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஒரு காலுக்கு 25 வர வேண்டும் என்று என் பிசியோ சொன்னார். அறுவைக்கு முன் ஒருவேளை எண்ணிப் பார்த்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்று இரண்டு காலிலும் 25 வருகிறது.

காலைஷட்டில்

@குதிகால்50 சார், படித்ததும் எழுந்து போய் மாடிப்படியில் செய்து பார்த்தேன். வலது 11, இடது 17. பன்னிரண்டாவதில் குதிகால் பாதி உயரம்தான் வருகிறது.

மஞ்சள்கோடு

அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லஞ்ச் செய்யும் அதே நாளில், வருகிற எண்ணிக்கையில் பாதியை ஒரு சுற்றாக வைத்து மூன்று சுற்று. ஒரு சுற்று முழங்கால் நேராக, அடுத்த சுற்று லேசாக மடக்கி என்று மாற்றி மாற்றி. மடக்கிச் செய்தால் அடியில் இருக்கும் தசை வேலை செய்யும். குதிகால்50 சார், எழுதியதற்கு மிக்க நன்றி. அந்த அழுத்திப் பார்க்கும் சோதனையைக் கோர்ட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வேகக்கால்

அக்கா, லஞ்ச் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். லேடரை மட்டும் விடமாட்டேன். அதைச் செய்தபின் என் கால் உண்மையிலேயே வேகமாக நகர்கிறது. கோர்ட்டில் வேகம் வேண்டாமா?

மஞ்சள்கோடு

வேகம் வேண்டும் தம்பி. லேடரில் அடுத்த கட்டம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும். கோர்ட்டில் தெரியாது. காலைஷட்டிலின் வீடியோவில் கால் மெதுவாக நகரவில்லை, தாமதமாக ஆரம்பித்தது. இந்த இரண்டும் வேறு வேறு.

எதிராளி அடிக்கப் போகும்போது ஒரு சின்னத் துள்ளல், ஸ்பிளிட் ஸ்டெப். உயரமாகக் குதிக்கக் கூடாது, ஷூவுக்கு அடியில் ஒரு தாள் நுழையும் உயரம் போதும். ராக்கெட்டில் பந்து பட்டதும் உங்கள் பாதம் தரையில் இறங்க வேண்டும், தோளைவிடக் கொஞ்சம் அகலமாக, எடை முன்பாதத்தில். இறங்கும் அந்தச் சொடுக்கிலேயே எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும், எதிர்ப்பக்கக் கால் ஒரு இழை முந்தி இறங்கி அந்தத் திசைக்குத் தள்ளிவிடும். சீக்கிரம் துள்ளினால் இறங்கி நின்று காத்திருப்பீர்கள், குதிகால் மறுபடி ஊன்றிவிடும், துள்ளாதது போலத்தான். தாமதமாகத் துள்ளினால் காற்றில் இருக்கும்போது பந்து போய்விடும். பெரியவர்களில் பாதிப் பேருக்கு நான் பார்க்கும் தவறு முதல் வகை.

இதைப் பழக ஒரு நண்பர் போதும். அவர் வலைக்கு அந்தப் பக்கம் ராக்கெட்டோடு நிற்பார், அடிப்பது போல வீசி, கடைசி நொடியில் நான்கு மூலையில் ஒன்றைக் காட்டுவார். நீங்கள் துள்ளி, அங்கே போய், நின்று, திரும்பி வர வேண்டும். நான்கு மூலை போதும், டபுள்ஸில் ஆறு மூலைக்கும் தனியாக நீங்கள் போவதில்லை. எட்டு நொடி ஆட்டம், இருபது நொடி ஓய்வு, எட்டு முறை. எட்டு நொடி ஏன் என்றால் நம் டபுள்ஸ் ரேலி பெரும்பாலும் அவ்வளவு நீளம்தான். முப்பது நொடி தொடர்ந்து செய்தால் பதினைந்தாவது நொடியில் துள்ளல் நின்றுவிடும், பிறகு வெறும் ஓட்டம். கூட ஆள் இல்லையென்றால் சுவரில் ஒரு டென்னிஸ் பந்தை எறிந்து, அது சுவரில் படும் நொடியில் துள்ளிப் பழகலாம்.

லேடரை வார்ம்அப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

வேகக்கால்

வார்ம்அப்புக்கு மேலும் அதில் பலன் இருக்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் சுவர் பந்து இன்று மாலை செய்து பார்க்கிறேன்.

பிசியோமாலை

நான் பிசியோதெரபிஸ்ட், மாலை நேரத்தில் கோர்ட்டில் பெண்கள் டபுள்ஸ் ஆடுகிறேன். தோளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், காலுக்கு மேலே சொன்னதே சரியாக இருக்கிறது.

காலைஷட்டில், தோள் தாமதத்தால் களைக்கிறது என்பது உண்மை, ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு கிளியருக்கும் ஸ்மாஷுக்கும் பிறகு அந்தக் கையை நிறுத்துவது யார்? தோளின் பின்புறம், தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும் சின்னத் தசைகள். வீசுகிற தசை மார்பிலும் முதுகிலும் பெரிதாக இருக்கிறது, நிறுத்துகிற தசை உள்ளங்கை அளவுதான். இவை களைத்ததும் தோள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வீச்சைக் குறைத்துவிடும், முழங்கை கீழே தொங்கும். மூன்றாவது கேமில் உங்கள் முழங்கை தோளுக்குக் கீழே இருக்கிறதா என்று அதே வீடியோவில் பாருங்கள்.

பயிற்சி சின்னது. இடது பக்கமாகப் படுத்து, வலது முழங்கையை மடித்து விலாவோடு வைத்து, நடுவில் ஒரு சுருட்டிய துண்டு. ஒரு கிலோ எடை, இல்லை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். முன்கையை மேலே தூக்கி மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று. இறக்குவதுதான் முக்கியம், ஏனென்றால் கோர்ட்டில் அந்தத் தசை செய்வது நிறுத்தும் வேலை. பலருக்கு ஐந்து கிலோ எடுக்கும் ஆசை வரும். எடுத்தால் பெரிய தசை குறுக்கே வந்து வேலையைப் பறித்துக்கொள்ளும், சின்னது சும்மா இருக்கும். முழங்கை துண்டைவிட்டு விலகினால் எடை அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து ஒரு ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் முக உயரத்தில் கட்டி, இரண்டு கையாலும் காதுக்கு நேராக இழுங்கள், முழங்கை தோள் உயரத்தில் இருக்கட்டும், தோள்பட்டைகள் பின்னால் ஒன்றையொன்று நோக்கி நெருங்க வேண்டும். இதுவும் பதினைந்து, மூன்று சுற்று. மூன்றாவது, சுவரில் கை ஊன்றிப் புஷ்அப் போல வந்து, கை முழுக்க நேரான பிறகும் இன்னும் ஒரு அங்குலம் சுவரைத் தள்ளுவது, முதுகு லேசாக உருள வேண்டும். நாற்காலி வேலை செய்பவர்களுக்கு இந்த அங்குலம்தான் முதலில் காணாமல் போகிறது.

ஆடுவதற்கு முன் இதை மூன்று சுற்று செய்யாதீர்கள், களைத்த தோளோடு ஆட ஆரம்பிப்பீர்கள். முன்னால் பேண்டில் ஒரே ஒரு லேசான சுற்று, முழுப் பயிற்சி ஆடாத நாளில்.

ஒரு சோதனை சொல்கிறேன். மல்லாந்து படுத்து, மேல்கையை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, முழங்கையை மடித்து முன்கையைக் கூரை நோக்கி வையுங்கள். இப்போது முன்கையை இடுப்புப் பக்கம் தரையை நோக்கிச் சாய்த்துப் பாருங்கள், தோள் தரையைவிட்டு எழக் கூடாது. வலதும் இடதும் ஒப்பிடுங்கள். ஆடும் கை குறைவாகச் சாய்வது சாதாரணம்தான், வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தால் எழுதுங்கள்.

இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி, இல்லை கையைப் பக்கவாட்டில் தூக்கவே பலம் இல்லாதது, இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் பயிற்சி எதையும் ஆரம்பிக்காமல் நேரில் காட்டுங்கள்.

நைலான்பந்து

எனக்கு அந்த இரவு வலி இருந்தது. ஸ்ட்ரிங் இறக்கியதும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், ஸ்ட்ரிங் மாற்றிய அதே மாதம் மழையால் எங்கள் கோர்ட் மூடி இரண்டு வாரம் ஆடவே இல்லை. எது காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிசியோமாலை

இரண்டுமே காரணமாக இருக்கலாம் சார். அதிக டென்ஷனில் பந்தைப் பின்கோடு வரை அனுப்ப நீங்கள் வேகமாக வீச வேண்டும், அது தோளுக்குக் கூடுதல் வேலைதான். மறுபடி இரவு வலி வந்தால் ஸ்ட்ரிங்கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வந்து காட்டுங்கள்.

காலைஷட்டில்

ஆறு வாரம் ஆகிறது, என்ன ஆனது என்று எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியது மட்டும். மூன்றாம் நாள் மாடிப்படியில் நேற்றைவிட வலித்தது, ஆழத்தைப் பாதியாக்கினேன், அடுத்த முறை சரியானது. நான்காம் வாரம் படி இறங்கும் வலி கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அந்த வாரம் நான்கு நாள் ஆடிவிட்டேன், சனி ஞாயிறு இரண்டு நாளும் பழைய வலி வந்துவிட்டது. மறுபடி மூன்று நாளுக்குத் திரும்பியதும் ஐந்து நாளில் அடங்கியது. இப்போது ஐந்து கிலோ டம்பெலோடு லஞ்ச் வருகிறது, நின்று இரண்டு எண்ண முடிகிறது. குதிகால் தூக்குவது வலது 17, இடது 21.

வீடியோவை மறுபடி எண்ணினேன். இருபதில் குதிகால் ஊன்றியிருந்தது ஆறு முறை, அந்த ஆறில் ஐந்து மூன்றாவது கேமில். மனம் களைக்கும்போதுதான் துள்ளல் நிற்கிறது போல.

தோளில் கிளியர் இப்போது மூன்றாவது கேமிலும் பின்கோட்டுக்கு அருகே விழுகிறது. படுத்துச் செய்த பயிற்சியாலா, பந்துக்குப் பின்னால் நேரத்தோடு போவதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படுத்துச் செய்த சோதனையில் வலது கை இடதைவிடக் கொஞ்சம் குறைவு, பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. இடப்பக்க வலை மூலைக்கு, பேக்ஹேண்டில் வலது காலைக் குறுக்கே வைத்துப் போகும்போது முழங்கால் இன்னும் உள்ளே விழுகிறது. கண்ணாடி முன்னால் நேராக லஞ்ச் செய்யும்போது சரியாகத்தான் இருக்கிறது.

மஞ்சள்கோடு

நேராகச் செய்ததால் நேராக வருகிறது. குறுக்கே போகும்போது பாதம் பழைய திசையிலேயே, வலைக்கு நேராக விழுந்து, உடம்பு மட்டும் மூலைக்குத் திரும்புகிறது, முழங்கால் நடுவில் மாட்டிக்கொள்கிறது. தரையில் டேப் ஒட்டிக் கடிகார முகம் போல வையுங்கள், பன்னிரண்டு நேர் முன்னால். பத்து மணித் திசைக்கு லஞ்ச் செய்யுங்கள், ஆனால் கடைசி அடிக்கு முன் இடது பாதத்தைத் திருப்பி, இடுப்பு மூலையைப் பார்த்த பிறகு வலது காலை எடுங்கள். டம்பெல் வேண்டாம், வெறுங்கையோடு ஆறு முறை இரண்டு சுற்று. இரண்டு வாரம் கழித்து அந்த மூலையை மட்டும் பின்னாலிருந்து வீடியோ எடுத்துப் போடுங்கள்.

மூன்று நாளிலிருந்து நான்காக ஏற்றும்போது ஒரே வாரத்தில் ஏற்றாமல், நான்காவது நாளில் ஒரு கேம் மட்டும் ஆடுங்கள்.

சிங்கிள்ஸ்மட்டும்

முழங்கால் அடங்கிவிட்டது, இப்போது ஓட ஆரம்பிக்கலாமா என்று அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். சைக்கிள் மட்டும் போதுமா?

மஞ்சள்கோடு

இதில் எனக்குத் தெரிந்த பயிற்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் மாணவர்களில் ஓடி ஆடுபவர்களும் நன்றாக ஆடுகிறார்கள், ஓடாதவர்களும் ஆடுகிறார்கள். ஆனால் காலைஷட்டிலின் வலது கால் 25 தொடும் வரை ஓட விடமாட்டேன்.

காலைஷட்டில்

சரி அக்கா. டேப் வாங்கிவிட்டேன், நாளை ஒட்டுகிறேன்.